ஒரே முற்றத்தில் இரண்டு ஈரத்தடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் நடத்தும் இயன்முறை சிகிச்சை அறைக்கு, செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் சனிக்கிழமை காலையில் வந்தது. பாட்டி, அவருடைய மருமகள், மகள், இரண்டு குழந்தைகள். சிகிச்சைக்காகப் பெயர் பதிந்திருந்தது ஒரு குழந்தைக்குத்தான். மற்றவன் துணைக்கு வந்தவன். வீட்டில் இருவரையும் பாப்பா, தம்பி என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை.

பாப்பாவுக்கு 22 மாதம். 13 மாதத்தில் நடந்துவிட்டாள். நடக்கத் தொடங்கிய நாள் முதலே குதிகால் தரையில் படுவதில்லை என்று தாய் கவலைப்பட்டார். தோட்டத்தில் யாரோ “நரம்பு இழுத்துக்கொண்டிருக்கிறது” என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. பாட்டிக்கோ கவலையே இல்லை. “இவள் அப்பனும் மூன்று வயது வரைக்கும் எக்கி எக்கித்தான் நடந்தான், மிஸ்ஸி. இப்போது செம்பனைக் குலை வெட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான்” என்றார்.

பாப்பா என் அறைக்குள் வந்த விதம் உண்மையிலேயே பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். இரண்டு குதிகால்களும் தரையை விட்டு நான்கு விரல் உயரத்தில் நின்றன. கைகளை விரித்துக்கொண்டு, வழுவழுப்பான தரையில் பறவைக் குஞ்சு போல ஓடினாள். தாய் என் முகத்தையே பார்த்தார்.

நுனிக்காலில் நடக்கும் குழந்தையை நான் முதலில் தொடுவதில்லை. மறைவாக உட்கார்ந்து, அது நடக்காத நேரத்தில் பாதம் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். நடையைவிட நிற்பதும் குந்துவதும் அதிகம் சொல்லும். பாப்பா சிறு மேசைக்கு முன்னால் நின்று மரக்கட்டைகளை அடுக்கியபோது, அவளை அறியாமலே இரண்டு குதிகால்களும் இறங்கித் தரையில் படிந்தன. ஒரு கட்டை கீழே விழுந்தது. குந்தி எடுத்தாள். குந்தியபோதும் பாதம் முழுவதும் தரையில் பதிந்திருந்தது. குதிகாலை ஊன்றிக் குந்த வேண்டுமென்றால் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். கெண்டைச்சதையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் குறுகியிருந்தால் குழந்தை பின்னால் சாய்ந்து விழும், அல்லது விரலை ஊன்றியே குந்தும். இவள் வெகுநேரம் வசதியாகக் குந்தியிருந்தாள். அப்படியானால் அவளால் குதிகாலை இறக்க முடிகிறது. நடக்கும்போது இறக்காமல் இருக்கிறாள், அவ்வளவுதான். முடியாமைக்கும் செய்யாமைக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் முதல் வாசல்.

பிறகு படுக்க வைத்துக் கணுக்காலைச் சோதித்தேன். முழங்காலை நீட்டி வைத்து, பாதத்தைச் சற்று உள்நோக்கித் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மேல்நோக்கித் தள்ளினேன். உள்நோக்கித் திருப்புவதற்குக் காரணம் உண்டு. அப்படிப் பிடிக்காவிட்டால் பாதத்தின் நடுப்பகுதி வளைந்து கொடுக்கும். கணுக்கால் மடங்கியதாக நாம் ஏமாந்துபோவோம். செங்கோணத்தைத் தாண்டி ஏறத்தாழ 20 பாகை வரை இரண்டு பாதங்களும் ஒரே மாதிரி மடங்கின. மெதுவாகத் தள்ளினாலும் சட்டென்று தள்ளினாலும் அதே அளவுதான். தசையில் இறுக்கம் இல்லை. பேச்சைப் பொறுத்தவரை “பால் வேணும்”, “அப்பா வா” என்று இரண்டு சொற்களைச் சேர்க்கிறாள். சன்னலுக்கு வெளியே போன லாரியை விரலால் சுட்டிக்காட்டித் தாய் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். இந்த ஒரு செயல் எனக்கு மிகவும் முக்கியம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் நுனிக்கால் நடை மற்றவர்களிடம் காண்பதைவிட அதிகம். ஆனால் நுனிக்கால் நடையை மட்டும் வைத்து யாரும் ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, சுட்டிக்காட்டுவதில்லை, பேச்சு வரவில்லை என்பவை கூடவே இருந்தால்தான் அந்த வழியில் ஆராய வேண்டும்.

நடை பழகும் குழந்தைகள் பலர் தொடக்கத்தில் நுனிக்காலை ஊன்றுவார்கள். குதிகாலை முதலில் ஊன்றும் பெரியவர்களின் நடை நாளாக ஆகத்தான் படியும். இரண்டு வயது வரை இருபுறமும் ஒரே மாதிரி, விட்டுவிட்டு, குதிகாலை இறக்கக்கூடிய நிலையில் குழந்தை இப்படி நடந்தால் நாங்கள் கவனித்துக்கொண்டிருப்போம். இரண்டு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டச் சொல்வோம். மூன்று வயதைத் தாண்டினால் கட்டாயம் முழுதாகச் சோதிக்க வேண்டும். ஸ்வீடனில் ஐந்தரை வயதுக் குழந்தைகள் 1,436 பேரை வைத்து நடந்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் ஏதோ ஒரு காலத்தில் நுனிக்காலில் நடந்தவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வயதுக்குள் தாமாகவே நிறுத்திவிட்டிருந்தார்கள். காரணம் எதுவும் புலப்படாத இந்த வகை நடை குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. ஆகவே மகனைப் பற்றிப் பாட்டி சொன்னது வெறும் சமாதானப் பேச்சு அல்ல. பாப்பாவைப் பொறுத்தவரை அது நல்ல மருத்துவச் செய்தி.

ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன். குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருளவிடும் வாக்கரில் பாப்பா ஏழாம் மாதம் முதல் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் இருந்திருக்கிறாள். அதில் உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. குழந்தை விரல் நுனியால் தள்ளினாலே வண்டி ஓடும். நுனிக்காலை ஊன்றும் பழக்கத்தை அது ஊட்டக்கூடும். படியில் உருண்டு விழும் ஆபத்து வேறு. இதனால்தான் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. நம் முன்னோர் தச்சரிடம் செய்து வாங்கிய மூன்று சக்கர நடைவண்டி அப்படியல்ல. அதில் குழந்தை தன் எடையைத் தானே தாங்கிப் பின்னால் நின்று தள்ள வேண்டும். பாப்பா இப்போது நன்றாக நடப்பதால் எந்த வண்டியும் வேண்டியதில்லை. அடுத்த குழந்தைக்காக அந்த வாக்கரை எடுத்து வைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இதுவரை தம்பியை நான் கவனிக்கவில்லை. அதை வருத்தத்தோடு எழுதுகிறேன். 25 மாதக் குழந்தை, அரை மணி நேரமாக என் கண்ணெதிரில் விளையாடிக்கொண்டிருந்தான்.

பாட்டி இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். தம்பி இடது கையால் வாங்கிக்கொண்டான். “இந்தா, இன்னொன்று” என்று பாட்டி மறுபடியும் நீட்டினார். எந்தக் குழந்தையும் காலியாக இருக்கும் மற்றக் கையை நீட்டும். தம்பி முதல் பிஸ்கட்டைப் பற்களில் கவ்விக்கொண்டு, மீண்டும் இடது கையையே நீட்டினான். வலது கை முழங்கையில் லேசாக மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்கி, மார்பருகில் அசையாமல் இருந்தது.

“தம்பி எப்போதும் இடது கைதானா?” என்று அவன் தாயிடம் கேட்டேன்.

“ஆமாம் மிஸ். எட்டு மாதத்திலேயே இடது கையால்தான் எல்லாவற்றையும் எடுப்பான். தாத்தாவைப் போல.” தாத்தா பால்மரம் சீவிய காலத்தில் தோட்டத்திலேயே இடது கையால் சீவிய ஒரே ஆள் என்று பாட்டி பெருமையோடு சேர்த்துச் சொன்னார்.

“நடை எப்படி?”

“வலது காலை மட்டும் லேசாக எக்கி வைப்பான். ஆனால் பாப்பா அளவுக்கு இல்லை. பாதி நேரம் தெரியவே தெரியாது.” உடனே பாட்டி குறுக்கிட்டார். “தாய்மாமனைக் கொண்டு பிறந்திருக்கிறான், மிஸ்ஸி. அவனும் எக்கித்தானே நடந்தான்.”

பாப்பாவின் விஷயத்தில் சரியாக இருந்த அதே வார்த்தை இங்கே கண்ணை மறைத்துவிட்டது. மாமன் இரண்டு காலிலும் எக்கினான். மருமகன் ஒரு காலில் எக்குகிறான். எவ்வளவு உயரம் எக்குகிறது என்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள், அல்லது ஆறுதல் அடைகிறார்கள். நான்கு விரல் உயரம் எக்கிய பாப்பாவுக்காகத் தோட்டமே கவலைப்பட்டது. ஒரு விரல் உயரம் எக்கிய தம்பியை யாரும் பார்க்கவில்லை. உயரம் அவ்வளவாக எதையும் சொல்வதில்லை. இரண்டு காலா, ஒரு காலா என்பதுதான் சொல்கிறது. ஒரு கால் மட்டும் நுனியில் நடந்தால், குழந்தைக்கு எத்தனை மாதமானாலும் அதைப் பழக்கம் என்று ஒதுக்கக் கூடாது. மூன்று வயது வரை காத்திருக்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

எட்டு மாதத்தில் இடது கைப்பழக்கம் தெரிந்தது என்பதும் அப்படியே. ஒரு வயதுக்கு முன் குழந்தைகள் இரண்டு கைகளையும் ஏறக்குறையச் சமமாகவே பயன்படுத்துவார்கள். வலமோ இடமோ பிறகுதான் நிலைபெறும். முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஒரு கை தெளிவாக முந்துகிறது என்றால், மற்றக் கை பின்தங்குகிறதா என்று கேட்க வேண்டும். தாத்தாவின் பெருமை அந்தக் கேள்வியை யாரும் கேட்கவிடாமல் செய்துவிட்டது.

என் அறைக்குப் பின்னால் சிமெண்ட் முற்றம் இருக்கிறது. வாளியில் தண்ணீர் வைத்து இரண்டு குழந்தைகளின் பாதங்களையும் நனைத்து நடக்கவிட்டேன். பாப்பாவின் தடங்களில் இரண்டு பக்கமும் விரல்களும் முன்பாதமும் மட்டும் பதிந்தன. நின்று பூனையைப் பார்த்த இடத்தில் மட்டும் முழுப் பாதங்கள் இரண்டு. தம்பியின் இடது தடம் ஒவ்வொன்றும் முழுமையாக, குதிகால் வட்டத்தோடு பதிந்திருந்தது. வலது தடம் ஒவ்வொன்றும் முன்பாதி மட்டும். நின்ற இடத்திலும் வலது குதிகாலின் ஈரம் இல்லை. அவனுடைய சப்பாத்துகளைத் திருப்பிப் பார்த்தோம். இடது சப்பாத்தில் குதிகால் தேய்ந்திருந்தது. வலது சப்பாத்தில் குதிகால் புதிது போல இருக்க, முனை மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது. அவன் தாய் அந்தச் சப்பாத்தை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

இந்த ஈரத்தடத்தை வீட்டிலேயே பார்க்கலாம். தரை உலர்ந்திருக்க வேண்டும். குழந்தைக்கு நாம் பார்க்கிறோம் என்பது தெரியக் கூடாது. தெரிந்தால் ஒழுங்காக நடந்து காட்டிவிடும்.

ஒரு காலில் எக்கும் குழந்தையிடம் முதலில் இடுப்பைப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே ஒருபுற இடுப்பு மூட்டு விலகியிருந்தால் அந்தக் கால் குட்டையாகும். நீளத்தைச் சமப்படுத்தக் குழந்தை அந்தப் பக்கம் எக்கும். தம்பியை மல்லாத்தி இரண்டு முழங்கால்களையும் மடக்கிப் பாதங்களைச் சேர்த்து வைத்தபோது முழங்கால்கள் ஒரே உயரத்தில் நின்றன. தொடைகளை இருபுறமும் விரித்தபோது இரண்டும் சமமாக விரிந்தன. இடுப்பு காரணமாகத் தெரியவில்லை.

பிறகு கணுக்கால். இடது பாதம் எப்படித் தள்ளினாலும் செங்கோணத்தைத் தாண்டி 20 பாகை வரை போனது. வலது பாதத்தை மெதுவாக, மூச்சை எண்ணிக்கொண்டு தள்ளியபோது 10 பாகை வரை தாண்டியது. அதே பாதத்தைச் சட்டென்று தள்ளியபோது செங்கோணத்தை எட்டுவதற்கு முன்பே ஏதோ தடுத்ததுபோல் நின்றது. இரண்டு மூன்று முறை துடித்து, பிறகு இளகியது. தசை முழுவதும் குறுகிவிடவில்லை. நீளம் இன்னும் இருக்கிறது. ஆனால் வேகமாக இழுபடும்போது சுருங்கு என்ற ஆணை அதற்கு மிக விரைவாகவும் மிகப் பலமாகவும் வருகிறது. ஆணையை அடக்கிவைக்க வேண்டியது மூளை. ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து இப்படி நடந்துகொண்டால் நம் பார்வை காலை விட்டு மூளைக்குப் போக வேண்டும். தம்பி 17 மாதத்தில்தான் நடந்தான் என்பதும், ஓடும்போது வலது முழங்கை மேலும் மடங்கியது என்பதும் இதோடு பொருந்தின.

என் சந்தேகத்தை நோயின் பெயராக அன்று சொல்லவில்லை. அதைச் சொல்வது மருத்துவரின் வேலை. கண்டவை அனைத்தையும், அளவுகளோடு, ஒரு பக்கக் கடிதமாக எழுதி, தம்பியின் குழந்தைநலப் பதிவுப் புத்தகத்தில் வைத்து, அரசாங்கக் கிளினிக் மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அவன் நடப்பதையும், இரண்டு பொருள்களை அடுத்தடுத்து வாங்குவதையும் கைப்பேசியில் படமெடுக்கச் சொன்னேன். மருத்துவரின் அறையில் குழந்தை அழும். மடியை விட்டு இறங்காது. அந்த ஒரு நிமிடப் படம் அங்கே பேசும். அது பேசவும் செய்தது. கிளினிக் மருத்துவர் படத்தைப் பார்த்து அன்றே ஈப்போவிலுள்ள குழந்தைகள் நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார்.

மயக்கம் கொடுத்து எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் இடப்பக்கத்தில் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. பிறப்பதற்கு முன்போ பிறந்த சில நாட்களுக்குள்ளோ ஒரு சிறு இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம் என்று நிபுணர் விளக்கினார். உடலின் வலப்பக்கத்தைப் பாதித்த, லேசான வகை மூளை முடக்குவாதம். இந்த வகையில் பல குழந்தைகள் நிறைமாதத்தில், நல்ல எடையோடு, எந்தச் சிக்கலும் இல்லாமல் பிறந்தவர்கள்தான். பிறந்த உடன் எதுவும் தெரியாது. கையும் காலும் நுட்பமான வேலைகளைத் தொடங்கும்போதுதான் வெளிப்படும். தழும்பு வளர்வதில்லை, நோய் முற்றுவதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு அந்த இறுகிய கெண்டைச்சதை நீள்வதில்லை. இன்று 10 பாகை தாண்டும் பாதம், ஒன்றும் செய்யாவிட்டால் சில ஆண்டுகளில் செங்கோணத்தையே எட்டாமல் போகலாம். அதற்காகத்தான் அவசரம்.

தம்பியின் தாய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஆறு மாதத்தில் ஸ்பிரிங் தொட்டிலிலிருந்து விழுந்தான் மிஸ். அதனால்தானா?” இல்லை. படம் காட்டுவது அதைவிடப் பழையது. கருவுற்றபோது அவர் செய்ததோ செய்யாததோ எதுவும் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை என்று நிபுணரே சொன்னார். அதை நான் அவரிடம் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்று முறையும் சொன்னேன்.

சிகிச்சையில் கை பாதி, கால் பாதி. தினமும் விளையாட்டு நேரத்தில் இடது கைக்கு ஒரு துணி உறை மாட்டி, வலது கையால் எடுக்கவும் பிடிக்கவும் பழக்கினோம். முறுக்கு, திராட்சை, பாட்டியின் மருதாணிக் கிண்ணம் எல்லாம் பயிற்சிக் கருவிகள் ஆயின. காலுக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் அணைப்பு, சப்பாத்துக்குள் பொருந்தும்படி. கெண்டைச்சதையை நீட்டும் பயிற்சியைத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தேன். மெதுவாகத் தள்ளி அரை நிமிடம் பிடிக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் தசை இன்னும் இறுகும். இறுக்கம் கூடினால் போட்டுலினம் ஊசி பிறகு உதவலாம் என்று நிபுணர் சொல்லியிருக்கிறார். அதன் பலன் சில மாதங்களே நிற்கும். அந்த மாதங்களில் பயிற்சி செய்யாவிட்டால் ஊசி வீண். பட்டணத்தில் உள்ள பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு மையத்தில் பதிந்துகொள்ளவும், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டைக்கு விண்ணப்பிக்கவும் கிளினிக்கில் வழிகாட்டினார்கள். அட்டை என்றதும் பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே பாரத்தை நிரப்பி எடுத்துவந்தார்.

தம்பியை எழுதும்போது, அவனைப் போல் இல்லாத இன்னொரு வகைப் பையன்களை எழுதாமல் விட மனம் வரவில்லை. மூன்று, நான்கு வயது வரை நன்றாகக் குதிகாலை ஊன்றி நடந்தவன், பிறகு இரண்டு கால்களிலும் எக்கத் தொடங்குகிறான். அடிக்கடி விழுகிறான், படி ஏறத் திணறுகிறான், தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றித் தன்மேலேயே ஏறி எழுகிறான், கெண்டைக்கால் கொழுகொழுவென்று பருத்திருக்கிறது. பார்ப்பவர்கள் பலசாலி என்பார்கள். அது தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். சி.கே. என்னும் எளிய இரத்தப் பரிசோதனையே அதற்கு முதல் படி. நன்றாக நடந்த குழந்தை புதிதாக எக்கத் தொடங்கினால், அதோடு சிறுநீர் மலக் கட்டுப்பாடு தளர்ந்தாலோ முதுகின் அடியில் மயிர்க்கற்றையோ குழியோ இருந்தாலோ, தண்டுவடத்தையும் பார்க்க வேண்டும். நடக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரி எக்குவது ஒரு கதை. இடையில் தொடங்கியது வேறு கதை.

பாப்பாவை ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்த்தேன். 28 மாதத்தில் பாதி நேரம் குதிகாலை ஊன்றினாள். உற்சாகம் வந்தால் மட்டும் எக்கினாள். கணுக்கால் அதே 20 பாகை. கட்டும் இல்லை, அணைப்பும் இல்லை. அந்த அளவு குறைந்து, முழங்காலை நீட்டிய நிலையில் செங்கோணத்தைத் தாண்டாமல் நின்றிருந்தால் வேறு வழியில் போயிருப்போம்: வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாற்றிப் போடும் மாவுக்கட்டு, சில வாரங்களுக்கு. “குதிகாலை வை, குதிகாலை வை” என்று சொல்லிக்கொண்டே இருப்பதை மட்டும் தாய் நிறுத்தவேண்டியிருந்தது. அதனால் நடை மாறாது. குழந்தை நடக்கவே கூச்சப்படத் தொடங்கும். மாறாக, புல்மேட்டில் ஏறவும், குந்தி விளையாடவும், தவளைபோல் தாவவும் விட்டார்கள். மூன்று வயதை நெருங்கும் நேரத்தில் அவளைப் பார்த்தபோது ஒரு தட்டில் இட்டிலியை ஏந்திக்கொண்டு குதிகால் ஊன்றி நடந்து வந்தாள்.

தம்பிக்கு இப்போது மூன்று வயது ஒரு மாதம். சென்ற மாதம் அணைப்பைக் கழற்றி மறுபடியும் அதே முற்றத்தில் பாதங்களை நனைத்து நடக்கவிட்டோம். மெதுவாகத் தள்ளும்போது வலது பாதம் 15 பாகை தாண்டுகிறது. சட்டென்று தள்ளினால் இன்னும் தடுக்கிறது. அது முழுதாகப் போய்விடும் என்று நான் அவர்களுக்குச் சொன்னதில்லை. வளர்ச்சி வேகமெடுக்கும் ஒவ்வொரு வயதிலும் குதிகால் மீண்டும் மேலேறப் பார்க்கும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து கொண்டிருப்போம். அவன் ஓடியபோது வலது தடத்தில் பழையபடி முன்பாதி மட்டுமே பதிந்தது. மெதுவாக நடந்தபோது, ஏழு தடங்களில் நான்கில், உட்புறமாகச் சற்று மங்கலாக, குதிகாலின் ஈரம் இருந்தது. பாட்டி குனிந்து அந்த நான்கையும் எண்ணினார். வெயிலில் அவை உலர்ந்து மறைவதற்குள் இன்னொரு முறை எண்ணினார்.